முதல் பத்து நிமிடத்தில் எந்தக் கேள்வியைத் தொடுவது?

கேள்வி: "கொஞ்சம் பதற்றம் இருந்தால்தான் பரீட்சை நன்றாக எழுத முடியும் என்கிறார்கள். எனக்கோ வினாத்தாளைப் பிரித்ததும் படித்ததெல்லாம் மறந்துவிடுகிறது. வெளியே வந்ததும் ஞாபகம் வருகிறது. அப்படியென்றால் எவ்வளவு பதற்றம் சரி? அந்த அளவில் எப்படி நிறுத்துவது?"

எல்லோருக்கும் பொருந்துகிற ஓர் அளவு கிடையாது. ஒரே ஆளுக்குக்கூட ஒரே அளவு கிடையாது. ஒரு மதிப்பெண் கேள்விக்குக் கைகொடுக்கிற அதே படபடப்பு பத்து மதிப்பெண் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் பதற்றத்தைப் பிடித்து நிறுத்தப் போராடுவதைவிட, அது உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எந்த வேலையைக் கையில் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது சுலபம். பலனும் அதில்தான் அதிகம்.

'கொஞ்சம் பதற்றம் நல்லது' என்ற பேச்சுக்கு மூலம் 1908-ல் ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் எலிகளை வைத்துச் செய்த சோதனை. எலிக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பெட்டி, ஒரு கறுப்புப் பெட்டி. கறுப்பில் நுழைந்தால் மின்அதிர்ச்சி. எத்தனை முயற்சியில் எலி தவறில்லாமல் வெள்ளையைத் தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொள்கிறது என்று எண்ணினார்கள். அதிர்ச்சியின் பலத்தை மாற்றிப் பார்த்தார்கள். கூடவே, இரண்டு பெட்டிகளுக்கும் இடையே உள்ள வெளிச்ச வித்தியாசத்தைக் கூட்டிக் குறைத்து வேலையின் கடினத்தையும் மாற்றினார்கள். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது, அதிர்ச்சி கூடக் கூட எலிகள் வேகமாகக் கற்றன. வித்தியாசம் மங்கலாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியில்தான் வேகமாகக் கற்றன; பலமான அதிர்ச்சியில் பின்தங்கின. வேலை கடினமாகக் கடினமாக, மிகச் சிறப்பாகக் கற்கவைத்த அதிர்ச்சியின் அளவு கீழே இறங்கிக்கொண்டே போனது.

பின்னால் வந்த பாடப்புத்தகங்களில் இந்தக் கடைசிச் செய்தி பெரும்பாலும் காணாமல் போய்விட்டது. நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் ஒற்றைக் குன்று போன்ற வரைபடம் மட்டும் மிஞ்சியது. உண்மையில் அங்கே இருப்பது ஒரு குன்று இல்லை, வேலைக்கு ஒன்றாகப் பல குன்றுகள். சுலபமான வேலைக்கான உச்சி வலப்பக்கம் தள்ளி, அதாவது அதிகப் படபடப்பில் இருக்கிறது. கடினமான வேலைக்கான உச்சி இடப்பக்கம் இருக்கிறது. எலிகள் அதிர்ச்சிக்குப் பயந்து கற்றதை வைத்து மனிதர் பரீட்சை எழுதுவதற்கு நேரடியாக விதி சொல்ல முடியாது என்பதும் உண்மைதான். அதை மட்டும் நம்பி நான் இங்கே ஆலோசனை சொல்லவில்லை. மூளையைப் பற்றி அதற்குப் பின் தெரியவந்தவையும் அதே திசையைக் காட்டுகின்றன.

நெற்றிக்கு நேர் பின்னால் இருக்கும் ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸ் என்ற பகுதிதான் செயல்நினைவைத் தாங்குகிறது. நான்கைந்து விஷயங்களை ஒரே சமயத்தில் மனதில் ஏந்திக்கொண்டு அவற்றை வைத்து வேலை செய்யும் திறன் அது. ஒரு கணக்கில் கொடுத்த மதிப்புகள், கேட்ட விடை, எந்தச் சூத்திரம், இப்போது எந்தப் படியில் இருக்கிறோம் என்பதெல்லாம் அங்கேதான் நிற்கின்றன. உடல் முடுக்கிவிடப்படும்போது நார்அட்ரினலின், டோபமின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் அந்தப் பகுதியில் கூடுகின்றன. மிதமாகக் கூடினால் அங்குள்ள நரம்பணுக்களின் தொடர்பு உறுதியாகிறது. கவனம் சிதறாமல் நிற்கிறது. அளவு மீறினால் அதே நார்அட்ரினலின், அதைப் பிடித்துக்கொள்ள நரம்பணுக்களில் இருக்கும் ஏற்பிகளில் வேறு வகையானவற்றில் போய் ஒட்டி, அந்தப் பகுதியின் வேலையையே மட்டுப்படுத்துகிறது. கட்டுப்பாடு, பழக்கத்தை இயக்கும் மூளையின் பழைய பகுதிகளுக்குக் கைமாறுகிறது. அதனால்தான் படபடப்பின் உச்சத்திலும் வாய்ப்பாடு தடையில்லாமல் வருகிறது, பல நூறு தடவை எழுதிய வரையறை கையிலிருந்து தானாக வருகிறது. புதிதாக யோசிக்க வேண்டிய கணக்கு மட்டும் நகர மறுக்கிறது. அறிவு எங்கும் போய்விடவில்லை. அதை எடுத்து வைத்து வேலை பார்க்கும் மேசைதான் சுருங்கிவிட்டது.

இந்தச் சுருக்கம் கவனத்திலும் நடக்கிறது. 1959-ல் ஈஸ்டர்புரூக் என்பவர் இதைத் தெளிவாக எடுத்துச் சொன்னார்: முடுக்கம், அதாவது படபடப்பு, ஏற ஏற, கவனத்தில் விழும் குறிப்புகளின் எண்ணிக்கை குறைகிறது. முதலில் கழிவது தேவையில்லாதவை. பக்கத்து மேசையில் பேனா விழும் சத்தம் காதில் விழாமல் போகிறது. இது லாபம். இன்னும் ஏறினால் தேவையானவையும் கழியத் தொடங்குகின்றன. 'பின்வருவனவற்றுள் பொருந்தாதது எது' என்பதில் 'பொருந்தாதது' கண்ணில் படாமல் போகிறது. சென்டிமீட்டரில் கொடுத்ததை மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறோம். '(ஆ) பிரிவுக்கும் காரணம் கூறுக' என்ற கடைசி வரி விட்டுப்போகிறது. நீங்கள் குன்றின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்று அறிய இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை. வியர்த்த உள்ளங்கையும் வேகமான இதயமும் இரண்டு பக்கமும் இருக்கும். அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கேள்வியை ஒரு முறை படித்ததும் என்ன கேட்கிறார்கள் என்று உங்கள் வார்த்தையில் சொல்ல முடிந்தால் நல்ல பக்கம். மூன்று முறை படித்தும் சொல்லாகவே நின்றால் மறுபக்கம்.

இனி, வெளியே வந்ததும் ஞாபகம் வருவதைப் பார்ப்போம். பயத்துக்கு உடல் இரண்டு வேகங்களில் பதில் தருகிறது. அட்ரினலின் வகையறா நொடிக்கணக்கில் ஏறுகிறது. கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன் மெதுவாக ஏறி, பயம் தொடங்கிச் சுமார் 20 முதல் 30 நிமிடத்தில் இரத்தத்தில் உச்சம் தொடுகிறது. கற்கும் நேரத்துக்கு ஒட்டி வரும் கார்டிசால் நினைவைப் பதியவைக்க உதவலாம். பதிந்ததை வெளியே எடுக்கும் நேரத்தில் அது இடைஞ்சல். 2000-ல் டி கெர்வைனும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனையில், முந்தைய நாள் சொற்பட்டியலைக் கற்றவர்களுக்கு நினைவுகூரும் சோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலுக்குள் போய்க் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மருந்தை 25 மில்லிகிராம் கொடுத்தார்கள். சொற்களை நினைவுகூர்வது குறைந்தது. மருந்தைக் கற்பதற்கு முன்போ கற்றவுடனோ கொடுத்தபோது அந்தக் குறைவு இல்லை. ஆக, நீங்கள் சொல்கிற மறதிக்கு உடலளவில் காரணம் இருக்கிறது, அது தற்காலிகமானதும்கூட.

ஆனால் வேதிப்பொருளை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது. பரீட்சைப் பதற்றத்தில் இரண்டு கூறுகள் உண்டு என்று 1967-லேயே லீபர்ட், மாரிஸ் இருவரும் பிரித்துக் காட்டினார்கள். ஒன்று உடலின் படபடப்பு. மற்றது கவலை: 'போச்சு, இது வரவில்லை, மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், வீட்டில் என்ன சொல்வது' என்று உள்ளே ஓடும் பேச்சு. மதிப்பெண் குறைவதோடு அதிகம் ஒட்டி வருவது இரண்டாவதுதான். காரணம் எளிது. அந்தப் பேச்சு ஓடுவதும் செயல்நினைவில்தான். கணக்குக்கு வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. பரீட்சை முடிந்து மணி அடித்ததும் அந்தப் பேச்சுக்கு வேலை இல்லை, இடம் காலியாகிறது, விடை வந்து நிற்கிறது.

இதையெல்லாம் ஒரு வினாத்தாளில் வைத்துப் பார்க்கலாம். 180 நிமிடம், 100 மதிப்பெண் கணிதத் தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மதிப்பெண் 20, ஐந்து மதிப்பெண் 8, பத்து மதிப்பெண் 4. சரிபார்க்க 15 நிமிடம் ஒதுக்கினால் மீதி 165, மதிப்பெண்ணுக்கு 1.65 நிமிடம். அதாவது ஒரு மதிப்பெண் பகுதிக்கு மொத்தம் 33 நிமிடம், ஐந்து மதிப்பெண்ணுக்குத் தலா எட்டேகால் நிமிடம், பத்துக்குத் தலா பதினாறரை.

பலர் செய்வது, மதிப்பெண் அதிகம் என்பதால் பத்து மதிப்பெண்ணில் தொடங்குவது. பெரும்பாலோருக்குப் படபடப்பு உச்சத்தில் இருப்பது தாள் கைக்கு வரும் முன்பின் சில நிமிடங்கள்தான். செயல்நினைவு மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில், அதை மிக அதிகமாகக் கேட்கும் வேலை வந்து நிற்கிறது. மூன்றாவது படியில் சிக்கல். 12 நிமிடம் போயிருக்கிறது, எழுதியது அரைப் பக்கம். இப்போதுதான் கவலைப் பேச்சு தொடங்குகிறது. தொடக்கத்து உடல் படபடப்பு தணியத் தொடங்கியிருக்க வேண்டிய நேரத்தில் இந்தப் பேச்சு அதை மறுபடி ஏற்றிவிடுகிறது. கார்டிசாலும் இந்த நேரத்தில்தான் மேலேறிக்கொண்டிருக்கிறது. அந்த மாணவர் 40-வது நிமிடத்தில் கையில் எடுக்கும், நன்றாகத் தெரிந்த கணக்கும் இதில் அடிபடுகிறது.

இதே தாளை வேறு வரிசையில் எழுதலாம். எழுதத் தொடங்கலாம் என்று கண்காணிப்பாளர் சொன்னதும் முதல் 2 நிமிடத்தில் மனதில் தாங்கிக்கொண்டு வந்த சூத்திரங்களை ஓரத்திலோ கடைசிப் பக்கத்திலோ கொட்டிவிடுங்கள். தாளில் இருப்பதை மூளை சுமக்க வேண்டியதில்லை. அடுத்து, ஒரு மதிப்பெண் பகுதியைக் கண்ணோட்டமாகப் பார்த்து, பார்த்தவுடன் தெரிகிற எட்டை மட்டும் எழுதுங்கள்: சுமார் 13 நிமிடம். பிறகு பழக்கமான வகை ஐந்து மதிப்பெண் மூன்று: 25 நிமிடம். இந்த வேலைகளுக்கான குன்றின் உச்சி வலப்பக்கம் இருப்பதால் உங்கள் படபடப்பு இங்கே உதவியாகவே இருக்கும். கை வேகமாக ஓடும். கிட்டத்தட்ட 40-வது நிமிடத்தில், 23 மதிப்பெண் தாளில் ஏறிய பிறகு, பத்து மதிப்பெண்ணுக்கு வாருங்கள். நான்குக்கும் 66 நிமிடம். மீதி ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு 41, மீதி ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 20. சூத்திரம் கொட்டிய 2 நிமிடம் போக, சரிபார்க்க 13 நிமிடம் மிஞ்சும். பத்து மதிப்பெண்ணைக் கடைசிக்குத் தள்ளாததற்கும் காரணம் உண்டு. மூன்றாவது மணி நேரத்தில் பலருக்கு முடுக்கம் தணிந்து சோர்வு வந்துவிடும். அது குன்றின் மறு சரிவு. கடினமான வேலைக்கு நடுப்பகுதிதான் இடம்.

இந்த வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. கவனம் மிகக் குறுகியிருக்கும் நேரத்தில் எழுதியவை அந்த முதல் எட்டு விடைகள். தெரிந்த கேள்வியைத் தப்பாகப் படித்து மதிப்பெண் விடுவது பெரும்பாலும் அங்கேதான். ஆகவே 'தவறானது', 'பொருந்தாதது', 'மட்டும்' போன்ற சொற்களைப் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். கடைசியில் சரிபார்க்க உட்காரும்போது முதலில் திறக்க வேண்டியதும் கடைசியாக எழுதியதை அல்ல, முதல் பத்து நிமிடத்தில் எழுதியதை.

இவ்வளவு செய்தும் ஒரு கேள்வியில் வெறுமை வரலாம். 90 நொடி வரை எழுத எதுவும் கிடைக்கவில்லை என்றால், கொடுத்தது இன்னது, கேட்டது இன்னது என்று இரண்டு வரி எழுதி, இடம் விட்டு நகர்ந்துவிடுங்கள். வெறும் மூளையை உற்றுப் பார்த்துக்கொண்டு உட்காருவதால் நினைவு வராது. அதற்கு ஒரு கொக்கி வேண்டும். அந்த இரண்டு வரிதான் திரும்பி வரும்போது கொக்கி. விட்ட கேள்வியை மற்றதை எழுதும்போதே மனதில் உருட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அது கவலைப் பேச்சின் இன்னொரு வடிவம்.

மூச்சைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனால் தவறாகச் சொல்வார்கள். 'ஆழமாக மூச்சு இழு' என்றதும் பலர் நெஞ்சு நிறைய, வேகமாக இழுத்து விடுகிறார்கள். அப்படிச் செய்தால் இரத்தத்தில் கார்பன் டைஆக்சைடு குறைந்து, மூளைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் சுருங்கும். தலை லேசாகும், விரல் நுனியும் உதடும் மரமரக்கும். அதைப் பதற்றம் கூடுவதாக நினைத்து இன்னும் வேகமாக இழுப்பார்கள். செய்ய வேண்டியது மெதுவாக்குவது, பெரிதாக்குவது இல்லை. வழக்கமான அளவு மூச்சை மூக்கு வழியாக 4 நொடி இழுத்து, 6 நொடியில் விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இரண்டு நிமிடம் போதும். மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு குறைவது இயற்கை. விடும் நேரத்தை நீட்டினால் அந்தப் பங்கு கூடுகிறது. இது உடல் படபடப்பைக் குறைக்கும். கவலைப் பேச்சை நேரடியாக நிறுத்தாது.

'அமைதியாக இரு' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதிலும் பெரிய பலன் இல்லை. துடிக்கிற இதயத்தோடு அமைதி என்று சொல்வதை உடலே நம்பாது. அதைவிட, அதே துடிப்புக்கு வேறு பொருள் கொடுப்பது எளிது. 2014-ல் அலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட சோதனைகளில், பாடுவதற்கும் பேசுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் முன்னால் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். 2010-ல் ஜேமிசன் குழுவினர், படபடப்பு பரீட்சைக்கு உதவக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட மாணவர்கள் கணிதப் பகுதியில் கூடுதல் மதிப்பெண் எடுத்ததைக் காட்டினார்கள். திசை நம்பத்தக்கது, பலனின் அளவைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். பரீட்சைக்கு முன் 10 நிமிடம் உங்கள் பயங்களைத் தாளில் எழுதினால் மதிப்பெண் கூடும் என்ற ஆலோசனையையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரமிரெஸ், பைலாக் இருவரின் 2011 ஆய்வில் இருந்து வந்தது அது. பிறகு பெரிய அளவில் அதன் ஒரு சோதனையைத் திரும்பச் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. பிடித்தால் எழுதுங்கள், கெடுதல் இல்லை. அதை நம்பி மற்றதை விட்டுவிட வேண்டாம்.

காபி குடிப்பவர்கள் பரீட்சை நாளிலும் வழக்கமான அளவே குடிக்கலாம். திடீரென்று நிறுத்தினால் தலைவலி வரும். வழக்கத்தைவிட ஒரு கோப்பை கூடுதலாகக் குடிப்பதும், பழக்கமில்லாதவர் அன்று தொடங்குவதும் ஏற்கனவே ஏறியிருக்கும் முடுக்கத்தை இன்னும் தள்ளிவிடும். காஃபீனின் பாதி உடலைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். முழுத் தாளையும் அதோடுதான் எழுத வேண்டியிருக்கும்.

இவை எல்லாவற்றையும்விட உறுதியான பாதுகாப்பு பரீட்சைக்குப் பல நாள் முன்பே தொடங்குகிறது. 2016-ல் ஏமி ஸ்மித்தும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு பட்டியலை ஒரு குழுவைத் திரும்பத் திரும்பப் படிக்கவைத்தார்கள்; இன்னொரு குழுவை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எடுத்துப் பழகவைத்தார்கள். மறுநாள் பாதிப் பேருக்கு வேண்டுமென்றே பதற்றம் ஊட்டினார்கள். திரும்பப் படித்தவர்களின் நினைவு பதற்றத்தில் சரிந்தது. எடுத்துப் பழகியவர்களுக்குச் சரியவில்லை. ஆகவே புத்தகத்தை மூடி, வெற்றுத் தாளில் எழுதி, பிறகு திறந்து சரிபார்த்து, சில நாள் கழித்து மறுபடி அதையே செய்யுங்கள். கணக்கில் குறிப்பாக முதல் படியைப் பழகுங்கள்: கேள்வியைப் பார்த்து, எந்த முறை என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போவது. ஒரே உட்காரலில் 20 கேள்விகளை இப்படிப் பார்க்கலாம். இதனால் கடினமான வேலை உங்களுக்குச் சுலபமான வேலையாகிறது. அதன் குன்று வலப்பக்கம் நகர்கிறது. அதே படபடப்பை இப்போது அது தாங்கும். கூடவே இரண்டு மூன்று முழுத் தாள்களையாவது கடிகாரம் வைத்து, மேலே சொன்ன வரிசையிலேயே எழுதிப் பாருங்கள். புது வரிசையைப் பரீட்சை அன்று முதல்முறையாகக் கையாள்வதும் செயல்நினைவைத்தான் தின்னும்.

ஒன்றைச் சோதித்துவிடுங்கள். மறந்துபோன கேள்வியை, பரீட்சை முடிந்து இரண்டு நாள் கழித்து, புத்தகம் பார்க்காமல், பதற்றம் இல்லாமல் எழுதிப் பாருங்கள். வந்துவிட்டால் மேலே எழுதியது உங்களுக்குத்தான். அப்போதும் வரவில்லை என்றால், விடையைப் பார்த்ததும் 'அட, இது தெரியுமே' என்று தோன்றினாலும் அது பதற்றத்தால் வந்த மறதி இல்லை. பார்த்தால் அடையாளம் தெரிகிற அளவுக்கு மட்டும் படித்திருக்கிறீர்கள். எந்த மூச்சுப் பயிற்சியும் அதற்கு உதவாது.

பரீட்சை மண்டபத்தில் மூச்சு முட்டுவது, மயக்கம் வருவது, அதற்குப் பயந்து பரீட்சைக்கே போகாமல் இருப்பது என்ற அளவில் இருந்தால் இந்தப் பதில் போதாது. மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள்; பேச்சுவழிச் சிகிச்சையில் நல்ல பலன் கிடைக்கக்கூடிய பிரச்சினை இது. யாரோ தந்தார்கள் என்று புரோப்ரானலால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து அது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது, இரத்த அழுத்தமும் இறங்கலாம். கவலைப் பேச்சை அது நிறுத்துவதும் இல்லை.